ஈக்விட்டி கர்வ் தன் சராசரிக்குக் கீழே போனால் ஸ்ட்ராடஜியை நிறுத்துவது: 400 ட்ரேடில் வந்த எண்களைப் பாருங்கள்

குமரவேல்

பிரேக்அவுட் ஸ்ட்ராடஜி ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு பொசிஷன்தான். பேக்டெஸ்டில் 400 ட்ரேட், அதில் 160 ஜெயித்தவை. ஸ்டாப் அடித்தால் 1 அலகு நஷ்டம், டார்கெட் வந்தால் 2 அலகு லாபம். நடுவில் வெளியேறுவது கிடையாது. எல்லாக் கணக்கும் இந்த ரிஸ்க் அலகில்தான், லாட் மாறவே இல்லை. மொத்த லாபம் 80 அலகு. உச்சத்திலிருந்து அதிகபட்ச டிராடவுன் 18 அலகு.

இதன் மேல் ஒரு ஃபில்டர் வைத்தேன். ட்ரேட் முடிவுகளைக் கூட்டி வரும் கர்வுக்கு 20 ட்ரேட் சராசரி. கர்வ் சராசரிக்கு மேலே இருந்தால் ட்ரேட் எடுக்கலாம், கீழே இருந்தால் விட்டுவிடலாம். லாபம் 132 அலகாக ஏறுகிறது, டிராடவுன் 7 அலகாக இறங்குகிறது. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான ட்ரேட்களை விட்டுவிட்டு லாபம் கூடுவது எப்படி? நம்பலாமா? நேரடிக் கணக்கில் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

முத்துக்கருப்பன்

சராசரிக்கு மேலே வாங்கு, கீழே ஒதுங்கு என்பது நெடுநாளாக வேலை செய்யும் முறைதான். ஆனால் 20 ரொம்பச் சின்னது, இரைச்சலில் மாட்டிக்கொள்வீர்கள். 200 நாள் சராசரி வையுங்கள். விலை அதற்குக் கீழே இருக்கும்போது பிரேக்அவுட்கள் பெரும்பாலும் தோற்கும்.

இளம்பரிதி

முத்துக்கருப்பன், நீங்கள் சொல்வது விலையின் சராசரி. அது சந்தையைப் பார்த்து எடுக்கும் முடிவு. இங்கே கேட்பது ஸ்ட்ராடஜியின் சொந்த லாப நஷ்டக் கோட்டின் சராசரி. விலை எங்கே இருக்கிறது என்பதை இந்த ஃபில்டர் பார்ப்பதே இல்லை.

குமரவேல், 132 என்ற எண்ணைப் பார்த்ததும் கோட் பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது. ஃபில்டர் போடும் வரிகளை மட்டும் போடுங்கள்.

குமரவேல்

`r` என்பது ட்ரேட் வரிசைப்படி முடிவுகள். முதல் 19 ட்ரேடுக்குச் சராசரி கிடையாது என்பதால் அவற்றை அப்படியே எடுக்கிறேன்.

```python
eq = r.cumsum()
on = eq > eq.rolling(20).mean()
on.iloc[:19] = True
res = r.where(on, 0).cumsum()
```

இளம்பரிதி

காரணம் இரண்டாவது வரியில் இருக்கிறது. 57-வது ட்ரேடை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, 57-வது ட்ரேடின் முடிவும் சேர்ந்த கர்வைப் பார்க்கிறீர்கள். ட்ரேடில் நுழையும் நேரத்தில் அந்த முடிவு யாருக்கும் தெரியாது. 56 வரை உள்ள நிலையைத்தான் பார்க்க முடியும். ஒரு படி தள்ளுங்கள்:

```python
on = (eq > eq.rolling(20).mean()).shift(1, fill_value=False)
on.iloc[:20] = True
```

இது சின்னத் தவறாகத் தெரியும், ஆனால் விளைவு மிகப் பெரிது. 12 ட்ரேட், 5 ட்ரேட் சராசரி என்று வைத்துக் கையால் போட்டுப் பாருங்கள்.

```
ட்ரேட்  முடிவு  கர்வ்  சராசரி
  1      +2       2      -
  2      -1       1      -
  3      -1       0      -
  4      +2       2      -
  5      -1       1     1.2
  6      -1       0     0.8
  7      -1      -1     0.4
  8      +2       1     0.6
  9      +2       3     0.8
 10      -1       2     1.0
 11      +2       4     1.8
 12      -1       3     2.6
```

ஃபில்டர் இல்லாமல் மொத்தம் 3 அலகு. நேர்மையான ஃபில்டரில், 5-வது ட்ரேட் முடிந்த பிறகுதான் கர்வ் கீழே போனது தெரிகிறது. 6, 7, 8 மூன்றையும் விடுகிறோம். 8 முடிந்ததும் கர்வ் மேலே வந்துவிட்டது, 9-லிருந்து மறுபடி எடுக்கிறோம். விட்ட மூன்றின் கூட்டுத்தொகை -1, -1, +2, அதாவது பூஜ்யம். ஆக மொத்தம் அதே 3 அலகு. டிராடவுன் மட்டும் 3-லிருந்து 2 ஆகிறது.

உங்கள் கோட் இதையே எப்படிப் பார்க்கும்? கர்வைக் கீழே தள்ளிய 5-வது ட்ரேடையும் விட்டுவிடும். கர்வை மேலே ஏற்றிய 8-வது ட்ரேடை எடுத்துக்கொள்ளும். மொத்தம் 6 அலகு, இரட்டிப்பு. கீழே கடக்கும் ஒவ்வொரு ட்ரேடும் நஷ்டம்தான், மேலே கடக்கும் ஒவ்வொரு ட்ரேடும் லாபம்தான். அதனால் ஒரு முறை இறங்கி ஏறினால் உங்கள் ஸ்ட்ராடஜியில் சரியாக 3 அலகு கற்பனை லாபம் சேரும். 400 ட்ரேடில் எத்தனை முறை கடந்தது என்று எண்ணிப் பாருங்கள், 132-ல் எவ்வளவு நிஜம் என்று உடனே தெரிந்துவிடும்.

குமரவேல்

கர்வ் 24 முறை இறங்கி 24 முறை ஏறியிருக்கிறது. 24 × 3 = 72. ஒரு படி தள்ளி ஓட்டினால் லாபம் 60 அலகு, வித்தியாசம் துல்லியமாக 72-தான். டிராடவுன் 14 அலகு. விட்ட ட்ரேட்கள் 112, அவற்றின் மொத்தம் +20 அலகு.

ஆக, லாபம் 80-லிருந்து 60 ஆகக் குறைகிறது, டிராடவுன் 18-லிருந்து 14 ஆகக் குறைகிறது.

ஆதவன்

அப்படியானாலும் ஃபில்டர் தன் வேலையைச் செய்திருக்கிறதே. இதை லாபத்தைக் கூட்டுவதற்காக யாரும் வைப்பதில்லை, டிராடவுனைக் குறைக்கத்தான் வைக்கிறார்கள். 4 அலகு டிராடவுன் குறைந்தது நல்ல விஷயம். 18 அலகு சரிவில் கை நடுங்கி ஸ்ட்ராடஜியையே கைவிடுகிறவர்கள்தான் அதிகம். நான் வைத்துக்கொள்வேன்.

நிறைமதி

ஆதவன் சொல்வதில் பாதி சரி. டிராடவுன் குறைந்தது உண்மை. ஆனால் எதனால் குறைந்தது என்று பார்க்க வேண்டும்.

ஃபில்டரைத் தூக்கிவிட்டு, 400 ட்ரேடையும் எடுத்து, லாட்டை மட்டும் முக்கால் பங்காக்குங்கள். லாபம் 80 × 0.75 = 60. டிராடவுன் 18 × 0.75 = 13.5. ஃபில்டர் கொடுத்தது 60-ம் 14-ம். அதாவது ஃபில்டர் கெட்ட ட்ரேட்களைத் தேர்ந்து விலக்கவில்லை, சந்தையில் இருக்கும் நேரத்தை மட்டும் குறைத்திருக்கிறது. அதே பலன் லாட்டைக் குறைத்தாலே கிடைக்கிறது. அதற்கு எந்த விதியும் தேவையில்லை, நிறுத்திய நேரத்தில் வந்த பெரிய ஓட்டத்தைத் தவறவிட்ட மனக்கஷ்டமும் இல்லை. எந்த ஈக்விட்டி கர்வ் ஃபில்டரையும் மூல ஸ்ட்ராடஜியோடு ஒப்பிடக் கூடாது. அதே லாபம் வரும்படி லாட் குறைத்த மூல ஸ்ட்ராடஜியோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

அடுத்தது, ஃபில்டர் எவ்வளவு நேரம் மூடிக் கிடக்கும் என்பது. நல்ல நிலையில் இருக்கும் ஸ்ட்ராடஜிகூட தன் சராசரிக்குக் கீழே எவ்வளவு நேரம் இருக்கும் என்று பெரும்பாலானோர் கணக்கிடுவதே இல்லை. உங்கள் ஸ்ட்ராடஜி சராசரியாக ட்ரேடுக்கு 0.2 அலகு சம்பாதிக்கிறது. 20 ட்ரேட் சராசரி என்பது ஒன்பதரை ட்ரேட் பின்தங்கிய கோடு. ஆக, சாதாரண நாளில் கர்வ் சராசரிக்கு மேலே இருக்கும் இடைவெளி 0.2 × 9.5 = 1.9 அலகுதான். சாதாரண நிலையிலிருந்து தொடர்ந்து இரண்டு ஸ்டாப் அடித்தால் கீழே போய்விடும். நூற்றுக்கு 60 தோற்கும் ஸ்ட்ராடஜியில் இரண்டு தொடர் நஷ்டம் என்பது அன்றாடம் நடப்பது.

ஒரு ட்ரேட் முடிவின் திட்ட விலக்கம் உங்களுக்குச் சுமார் 1.47 அலகு. ட்ரேட்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொண்டால், 20 ட்ரேட் சராசரிக்குக் கீழே இருக்கும் நேரம் நூற்றுக்கு 30 அளவு வரும். 10 ட்ரேட் என்றால் 36. 50 ட்ரேட் என்றால் 20. ஸ்ட்ராடஜியில் எந்தக் கோளாறும் இல்லாமலே இவ்வளவு. நீங்கள் 380-ல் 112 ட்ரேட் விட்டீர்கள், நூற்றுக்கு இருபத்தொன்பதரை. சீரற்ற வரிசையில் என்ன எதிர்பார்க்கலாமோ அதுவேதான்.

அப்படி விட்ட 112 ட்ரேடும் +20 அலகு சம்பாதித்திருக்கின்றன, ட்ரேடுக்கு 0.18. சராசரி கணக்கிட முடிந்த பிறகு எடுத்தவை 268, அவை ட்ரேடுக்கு 0.21. இந்த 0.03 வித்தியாசம் நிஜமா என்று கேட்டால், இந்த எண்ணிக்கைக்குப் பிழை எல்லையே 0.16 அலகுக்கு மேல். ஆக ஒன்றுமில்லை.

குமரவேல்

அப்படியானால் இந்த ஃபில்டர் எந்தச் சூழலில்தான் வேலை செய்யும்?

நிறைமதி

நஷ்டத்துக்குப் பின் நஷ்டம் வரும் வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டும். கடந்த ட்ரேட்களின் முடிவு அடுத்த ட்ரேடைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும், அதுவும் ஒரே திசையில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால், விட்ட ட்ரேடின் எதிர்பார்ப்பும் எடுத்த ட்ரேடின் எதிர்பார்ப்பும் ஒன்றுதான். லாபமுள்ள ஸ்ட்ராடஜியில் விட்ட ஒவ்வொரு ட்ரேடும் அப்போது இழப்பு. எதிர்த் திசையில் சொன்னால், அதாவது நஷ்டத் தொடருக்குப் பின் நல்ல ட்ரேட் வருகிறது என்றால், ஃபில்டர் நேரடியாகக் கெடுதல் செய்யும்.

பிரேக்அவுட் வகைக்கு இந்தக் கடைசி ஆபத்து உண்டு என்றுதான் நினைக்கிறேன். பக்கவாட்டில் சுருங்கும் சந்தையில் பொய் பிரேக்அவுட்கள் தொடர்ந்து அடிக்கும், கர்வ் இறங்கும், ஃபில்டர் மூடும். அந்தச் சுருக்கம் உடைந்து வரும் முதல் பெரிய ஓட்டத்தை ஃபில்டர் விட்டுவிடும். உங்கள் ஸ்ட்ராடஜியில் டார்கெட் 2 அலகோடு நிற்பதால் சேதம் குறைவு. டார்கெட் இல்லாமல் ஓடவிடும் ட்ரெண்ட் ஸ்ட்ராடஜியில் ஆண்டின் முழு லாபமும் நாலைந்து ட்ரேடில் இருக்கும். அதில் ஒன்றை விட்டாலும் ஈடுகட்ட முடியாது.

இதை வாதமாக வைத்திருக்க வேண்டாம், சோதித்துப் பார்க்கலாம். ட்ரேட் வரிசையைக் குலுக்கிப் போடுங்கள். குலுக்கினால் முடிவுகள் அதேதான், வரிசைத் தொடர்பு மட்டும் அழிந்துவிடும். நிஜ வரிசையில் ஃபில்டர் காட்டும் வித்தியாசம், குலுக்கிய வரிசைகளில் காட்டுவதைவிடத் தெளிவாக மேலே இருக்கிறதா என்று பாருங்கள்.

இளம்பரிதி

அதற்கான கோட்:

```python
import numpy as np, pandas as pd

def gap(x, n=20):
    s = pd.Series(x)
    eq = s.cumsum()
    on = (eq > eq.rolling(n).mean()).shift(1, fill_value=False)
    s, on = s.iloc[n:], on.iloc[n:]
    return s[on].mean() - s[~on].mean()

rng = np.random.default_rng(1)
real = gap(r.values)
fake = np.array([gap(rng.permutation(r.values)) for _ in range(2000)])
print(real, fake.mean(), (fake >= real).mean())
```

நடுவில் அச்சாகும் எண்ணையும் கவனியுங்கள். குலுக்கியவற்றின் சராசரி பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். இருப்பது 160 வெற்றிதான், முன்னால் அதிகம் செலவானால் பின்னால் மிச்சம் குறைவு, அதனால் வரும் சாய்வு அது. ஆகையால் நிஜ வித்தியாசத்தைப் பூஜ்யத்தோடு ஒப்பிடாமல் `fake`-ஓடு ஒப்பிடுங்கள்.

குமரவேல்

கடைசி எண் 0.39. குலுக்கிய வரிசைகளில் நூற்றுக்கு 39 என் நிஜ வரிசையைவிட நன்றாகவே செய்கின்றன. சராசரியின் நீளத்தை 10, 30, 50 என்று மாற்றிப் பார்க்கட்டுமா?

நிறைமதி

பாருங்கள், ஆனால் சிறந்ததைப் பொறுக்குவதற்காகப் பார்க்காதீர்கள். நாலு நீளத்தில் ஒன்று மட்டும் 0.04 காட்டினால் அது பொறுக்கியதன் விளைவு. தொடர்பு நிஜமென்றால் அக்கம்பக்கத்து நீளங்கள் எல்லாமே ஒரே பக்கம் சாயும். நீளம் 18-ல் பிரமாதம், 22-ல் படுமோசம் என்றால் அங்கே ஒன்றுமில்லை.

செல்வி

என் விஷயம் வேறு மாதிரி. மாதாந்திர ஸ்ட்ராங்கிள் விற்கிறேன். பெரும்பாலான மாதம் சின்ன லாபம், எப்போதாவது ஒரு மாதம் பெரிய அடி. சராசரியாகப் பன்னிரண்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்: 11 மாதம் தலா 1 அலகு லாபம், ஒரு மாதம் 7 அலகு நஷ்டம். அந்தப் பெரிய அடியைத் தவிர்க்கத்தான் 6 மாத சராசரி ஃபில்டர் யோசிக்கிறேன். என் கர்வ் எப்போதும் வழவழப்பாக ஏறுகிறது, கீழே போவதே அரிது. இதில் பொய் சிக்னல் தொல்லை இருக்காது அல்லவா?

நிறைமதி

தயவுசெய்து வைக்காதீர்கள். உங்கள் வகைக்குத்தான் இது மிகவும் பொருந்தாது.

அடி விழுவதற்கு முந்தைய மாதம் கர்வ் எங்கே இருக்கிறது? சராசரிக்கு நன்றாக மேலே. ஃபில்டர் "எடு" என்றுதான் சொல்லும். 7 அலகு நஷ்டம் முழுதாக உங்கள் தலையில் விழும். அதற்குப் பிறகுதான் கர்வ் சராசரிக்குக் கீழே போகும், ஃபில்டர் மூடும்.

அடிக்கு முன் கர்வ் 0-ல் இருந்தது என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். அடி விழுந்ததும் -7, சராசரி -2.83. அடுத்த மாதங்களில், ட்ரேட் எடுத்திருந்தால் வந்திருக்கும் நிழல் கணக்கு -6, -5, -4 என்று ஏறும், சராசரி -3.17, -3.50, -3.83 என்று இறங்கிக்கொண்டே வரும், இன்னும் கர்வ் கீழேதான். -3 ஆகும்போது சராசரி -4.17, அப்போதுதான் திறக்கும். நாலு மாதம் வெளியே நின்றிருப்பீர்கள், நாலும் லாப மாதம். ஃபில்டர் இல்லாமல் ஆண்டுக்கு 11 - 7 = 4 அலகு. ஃபில்டரோடு 4 - 4 = பூஜ்யம். அடியும் வாங்கி, அடிக்குப் பின் பிரீமியம் பெருத்துக் கிடக்கும் மாதங்களையும் விட்டுவிட்டு நிற்பீர்கள்.

பெரிய நஷ்டம் ஒரே ட்ரேடில் வரும் எந்த ஸ்ட்ராடஜிக்கும் இதுதான் நிலை. கர்வில் முன்னெச்சரிக்கை இருக்காது. அந்த ரிஸ்க்கைப் பொசிஷனுக்குள்ளேயே அடக்க வேண்டும், வெளியே இறக்கை வாங்குவதாலோ லாட்டைக் குறைப்பதாலோ.

செல்வி

இறக்கை வாங்கினால் 1 அலகு லாபத்தில் பாதி போய்விடுகிறது. ஆனால் அந்த நாலு மாதக் கணக்கு புரிந்தது. ஃபில்டரை விட்டுவிடுகிறேன்.

ஆதவன்

என் சிஸ்டத்தில் தொடர்பு இருக்கிறது என்று எண்ணோடு சொல்கிறேன். விழுந்த பங்கை வாங்கி மீண்டதும் விற்கும் முறை. 600 ட்ரேட். ஒரு ட்ரேடின் முடிவுக்கும் அடுத்ததன் முடிவுக்கும் ஒட்டுறவு 0.19. 600-க்குப் பிழை எல்லை 0.04 என்றால், இது நாலு மடங்குக்கு மேல். குலுக்கல் சோதனையிலும் 2000-ல் ஒன்றுகூட நிஜத்தைத் தாண்டவில்லை. ஃபில்டர் லாபத்தையும் கூட்டுகிறது.

இளம்பரிதி

ஒரே நாளில் எத்தனை பங்கு வாங்குவீர்கள்?

ஆதவன்

ஒன்றிலிருந்து ஆறு வரை. சராசரியாக மூன்று.

இளம்பரிதி

அங்கேதான் 0.19 பிறக்கிறது. சந்தை மொத்தமாக விழுந்த நாளில் ஐந்து பங்கு வாங்குகிறீர்கள், ஐந்தும் ஒன்றாகவே மீளும் அல்லது ஒன்றாகவே தோற்கும். பட்டியலில் அந்த ஐந்தும் அடுத்தடுத்த வரிகள். அதனால் "நஷ்டத்துக்குப் பின் நஷ்டம்" என்று தெரிகிறது. ஆனால் ஐந்தையும் ஒரே நேரத்தில் வாங்கிவிட்டீர்கள். முதலாவது தோற்றதைப் பார்த்து இரண்டாவதைத் தவிர்க்க வழியே இல்லை. கோடில் `shift(1)` போட்டிருந்தாலும் இங்கே எதிர்காலத் தகவல் கசிகிறது, ஏனென்றால் முந்தைய வரியின் ட்ரேட் இன்னும் மூடப்படவில்லை.

இரண்டு வேலை செய்யுங்கள். ஒட்டுறவைப் பார்க்க, ஒரே நாளில் நுழைந்தவற்றைக் கூட்டி ஒரு வரியாக்குங்கள். ஃபில்டரைச் சோதிக்க, கர்வை வெளியேறிய நேரப்படி கட்டுங்கள். ஒவ்வொரு நுழைவுக்கும், அதற்கு முன் மூடப்பட்ட ட்ரேட்களின் நிலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டாஸில் `merge_asof`, `allow_exact_matches=False` வைத்தால் போதும். நுழைவு நேரத்தை இடப்பக்கம், வெளியேறிய நேரத்தை வலப்பக்கம் கொடுத்து, இரண்டையும் முன்கூட்டியே வரிசைப்படுத்தியிருக்க வேண்டும்.

ஆதவன்

நாளாகத் திரட்டினால் 210 வரிகள், ஒட்டுறவு 0.06. பிழை எல்லை 0.07 என்பதால் இது கணக்கில் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரப்படி சரிசெய்த ஃபில்டரிலும் டிராடவுன், அதே லாபத்துக்கு லாட் குறைத்ததைவிட இன்னும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது. குலுக்கல் 0.15. முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

நிறைமதி

0.15 என்றால் பொய் என்றும் சொல்ல முடியாது, நிஜம் என்றும் சொல்ல முடியாது. மீட்சி வகை ஸ்ட்ராடஜியில் தொடர்பு இருக்க ஒரு காரணமும் உண்டு: சந்தை வாரக்கணக்கில் தொடர்ந்து சரியும் காலத்தில் எல்லா வாங்கல்களும் சேர்ந்து தோற்கும். ஆனால் காரணம் அதுவென்றால் அதையே நேரடியாக அளக்கலாம். குறியீட்டின் ஏற்ற இறக்க அளவையோ, முத்துக்கருப்பன் மேலே சொன்னது போல விலைச் சராசரியையோ வைக்கலாம். ஸ்ட்ராடஜியின் கர்வ் அதே தகவலைச் சில ட்ரேட் தாமதமாக, இரைச்சலோடு சொல்கிறது. 210 வரிகளோடு ஒப்பிட்டால் குறியீட்டுக்கு ஆயிரக்கணக்கான நாள் தரவு இருக்கிறது, அதில் சோதிப்பது வலுவானது.

குமரவேல்

என் ஸ்ட்ராடஜிக்கு ஃபில்டர் பயன்படாது என்பது தெளிவாகிவிட்டது. ஆனாலும் யாராவது நேரடியாக வைக்கிறார்கள் என்றால், எந்தக் கர்வைப் பார்க்க வேண்டும்? புரோக்கர் கணக்கின் கோட்டையா?

இளம்பரிதி

கூடவே கூடாது. எப்போதும் எல்லா ட்ரேடையும் எடுத்ததாகக் கணக்கிட்ட நிழல் கர்வைத்தான் பார்க்க வேண்டும். நிஜக் கணக்கைப் பார்த்தால் பூட்டிக்கொள்ளும்.

மேலே போட்ட 12 ட்ரேட் உதாரணத்தில், 5-வது ட்ரேடுக்குப் பின் நிறுத்தினோம். நிஜக் கணக்கு 1-லேயே நிற்கும். 6-வது வாய்ப்பு கடந்ததும் கடைசி ஐந்து புள்ளிகள் 1, 0, 2, 1, 1. சராசரி 1.0, கர்வும் 1. ஏழாவதுக்குப் பின்னும் சமம்தான். எட்டாவதுக்குப் பின் 1.2, கீழே. ஒன்பதுக்குப் பின் ஐந்தும் 1, சராசரி 1. அதற்குப் பிறகு எத்தனை காலம் போனாலும் சமமாகவே இருக்கும். விதி `>` என்றால் ஸ்ட்ராடஜி இனித் திறக்கவே திறக்காது. `>=` என்று எழுதியிருந்தால் 6-வதுக்குப் பிறகே திறந்து 7-வது நஷ்டத்தை வாங்கும். அதற்கும் ஸ்ட்ராடஜியின் நிலைக்கும் சம்பந்தமே இல்லை. தசம எண்களில் கணக்கிட்டால் இன்னும் மோசம், கடைசி இலக்கத்தின் உருட்டல் பிழை திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்யும்.

நிஜக் கணக்கில் பணம் போட்டாலும் எடுத்தாலும் கோடு குதிக்கும் என்பது தனிக் கோளாறு. கூட்டு வட்டி முறையில் லாட் ஏற்றினால் சமீபத்திய ட்ரேட்கள் பெரிதாகத் தெரியும். அதனால் நிழல் கர்வ் நிலையான ரிஸ்க் அலகில் இருப்பது நல்லது.

நிறைமதி

நிழல் கர்வ் என்றால் அதைப் பராமரிக்கும் ஒழுங்கும் வேண்டும். நிறுத்திய காலத்தில் காகிதத்தில் ஆர்டர்கள் எல்லாம் கேட்ட விலையிலேயே நிறைவேறியதாகப் பதிவாகும். பிரேக்அவுட்டில் நிஜ நுழைவு எப்போதும் கொஞ்சம் மோசமான விலையில் இருக்கும். ட்ரேடுக்கு 0.05 அலகு ஸ்லிப்பேஜ் என்றால், 0.2 எதிர்பார்ப்பில் கால்வாசி. அதைக் கழிக்காமல் விட்டால் நிழல் கர்வ் நிஜத்தைவிட வேகமாக ஏறும், உரிய நேரத்துக்கு முன்பே திறக்கும். நீங்கள் நிஜமாக எடுத்த ட்ரேட்களில் காகித விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள சராசரி வித்தியாசத்தை எடுத்து, நிழல் ட்ரேட் ஒவ்வொன்றிலும் கழியுங்கள்.

திறக்கும் கணத்தில் நிழலில் ஒரு ட்ரேட் ஓடிக்கொண்டிருந்தால் நடுவில் ஏறக் கூடாது. உங்கள் ஸ்டாப்பின் தூரம் மாறிவிடும், பேக்டெஸ்டில் இருந்த ட்ரேட் அது அல்ல. அடுத்த புதிய நுழைவிலிருந்து தொடங்குங்கள். குமரவேல் மாதிரி ஒரே பொசிஷன் என்றால் இந்தச் சிக்கல் வராது.

முத்துக்கருப்பன்

முழுவதுமாக நிறுத்தாமல் கீழே இருக்கும்போது பாதி லாட் போட்டால் என்ன? இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி.

நிறைமதி

தொடர்பு இல்லாத இடத்தில் பாதி லாட் பாதித் தீங்கு செய்யும். குமரவேலுக்கு 20 அலகுக்குப் பதில் 10 அலகு போகும். அதே 10 அலகை எல்லா ட்ரேடிலும் லாட்டை எட்டில் ஒரு பங்கு குறைத்து விட்டுக்கொடுத்தாலும் லாபம் 70-தான், டிராடவுன் 15.75. பாதி லாட் ஃபில்டரின் டிராடவுனை ஓட்டிப் பார்த்து அதோடு ஒப்பிடுங்கள்.

ஆதவன்

எல்லாம் சரி. ஆனால் ஸ்ட்ராடஜி உண்மையாகவே செத்துப்போனால்? அப்போது எதிர்பார்ப்பே மைனஸ். ஃபில்டர் இல்லாதவர் தொடர்ந்து இழப்பார், இருப்பவர் பிழைப்பார். பேக்டெஸ்டில் இது தெரியாது, ஏனென்றால் பேக்டெஸ்டில் ஜெயித்த ஸ்ட்ராடஜியைத்தான் நாம் வைத்திருக்கிறோம்.

நிறைமதி

இந்த ஃபில்டருக்காகச் சொல்லப்படுவதில் வலுவான வாதம் இதுதான். ஸ்ட்ராடஜி செத்தால் கர்வ் பெரும்பாலான நேரம் சராசரிக்குக் கீழே கிடக்கும், ஃபில்டர் மூடியே இருக்கும். அதில் எனக்கு மறுப்பில்லை. சிக்கல் விலையில்தான்: நல்ல ஸ்ட்ராடஜியையும் நூற்றுக்கு 30 நேரம் மூடும் கருவி, செத்ததைக் கண்டுபிடிக்கும் கருவியாக மிகவும் செலவு பிடிக்கும்.

குமரவேலின் எண்களுக்கு, 400 ட்ரேடில் அதிகபட்ச டிராடவுன் 16, 18 அலகு என்ற அளவில் வருவது இயல்பே. அவர் கண்ட 18-ல் அதிசயம் இல்லை. நான் செய்வது: ட்ரேட் முடிவுகளிலிருந்து திரும்பத் திரும்ப 400 எடுத்துப் பல்லாயிரம் செயற்கைக் கர்வ்கள் கட்டி, அவற்றின் அதிகபட்ச டிராடவுனில் நூற்றுக்கு ஐந்தே தாண்டும் அளவைக் கண்டுபிடித்து, அங்கே நிரந்தர நிறுத்தம். அது எப்போதோதான் அடிக்கும், அடித்தால் அர்த்தம் இருக்கும். அடித்த பிறகு தானாகத் திறக்கும் விதி கிடையாது, ஸ்ட்ராடஜியை முதலிலிருந்து ஆராய வேண்டும்.

ஆதவன்

அந்த அளவு 27, 28 அலகு என்று வந்தால்? 400 ட்ரேடில் 80 அலகு சம்பாதிக்கும் ஸ்ட்ராடஜியில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் செத்தது தெரியும். சராசரிக் கோடு 5, 6 அலகிலேயே நிறுத்தியிருக்கும். இரண்டில் எது மலிவு என்பது, ஸ்ட்ராடஜி சாகும் வாய்ப்பு எவ்வளவு என்று நீங்கள் நினைப்பதைப் பொறுத்தது. அதை எந்த பேக்டெஸ்டும் சொல்லாது.

நிறைமதி

உண்மை, அந்த எண்ணுக்கு என்னிடமும் விடை இல்லை. ஆனால் அதற்குத்தான் என்றால் 20 ட்ரேட் சராசரி தேவையில்லை. 100 ட்ரேட் சராசரி வைத்துப் பாருங்கள். குமரவேலின் எண்களில் நல்ல நிலையில் மூடியிருக்கும் நேரம் நூற்றுக்கு 12 அளவுக்கு இறங்கும். செத்த ஸ்ட்ராடஜியை அது எத்தனை அலகு இழப்பில் மூடுகிறது என்று பார்க்க, 300-வது ட்ரேடிலிருந்து வெற்றி விகிதத்தை 40-லிருந்து 30-ஆக மாற்றிச் செயற்கைத் தொடர்கள் ஓட்டுங்கள். 30-ல் எதிர்பார்ப்பு ட்ரேடுக்கு -0.1 அலகு. 20, 50, 100 மூன்றையும், நிரந்தர நிறுத்தத்தையும் அதே தொடர்களில் வைத்து ஒப்பிடலாம்.

குமரவேல்

என் முடிவுகளை வைத்து அதை ஓட்டிப் போடுகிறேன். வெற்றி விகிதம் ஒரே நாளில் விழுவது போல இல்லாமல், 100 ட்ரேடில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது போலவும் ஒரு தொகுதி செய்யட்டுமா? எனக்கு அதுதான் நிஜத்துக்குப் பக்கமாகத் தெரிகிறது.

இளம்பரிதி

இரண்டையும் செய்யுங்கள். மெதுவாகச் சாகும் தொகுதியில் 100 ட்ரேட் சராசரியே கர்வோடு சேர்ந்து வளைந்துவிடும், மூடுவது தள்ளிப்போகும் என்று எதிர்பார்க்கிறேன். `rng` விதை எண்ணையும் சேர்த்துப் போடுங்கள், நானும் அதே தொடர்களில் ஓட்டிப் பார்க்கிறேன்.